மூன்று கணக்கில் மூப்படையும் விமானம்

1988 ஏப்ரல் 28, பிற்பகல். ஹவாய்த் தீவுகளில் ஹிலோ என்ற ஊரின் விமான நிலையம். ஹொனலூலு செல்லும் அலோஹா ஏர்லைன்ஸ் விமானத்தில் பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கதவை நெருங்கும்போது ஒரு பயணியின் கண்ணில் விமானத்தின் வெளித்தகட்டில் நீளவாக்கில் ஓடிய ஒரு விரிசல் பட்டது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. விமானம் என்றால் இப்படியும் இருக்கும் போல என்று நினைத்திருக்கலாம். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

1.25 மணிக்குக் கிளம்பிய அந்த போயிங் 737, இருபது நிமிடத்தில் 24,000 அடி உயரத்தை எட்டியது. எட்டியதும் முன்பகுதிக் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. நின்றுகொண்டிருந்த பணிப்பெண் ஒருவரைக் காற்று வெளியே இழுத்துக்கொண்டது. இருக்கைப் பட்டை போட்டிருந்த பயணிகள் திறந்த வானத்தின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். விமானிகள் பன்னிரண்டு நிமிடத்தில் மாவி தீவின் கஹுலுயி விமான நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். விமானத்தில் இருந்த 95 பேரில் 94 பேர் உயிரோடு திரும்பினார்கள்.

விபத்துகளைப் பற்றிப் படிப்பவர்கள் வழக்கமாக இந்தத் தரையிறக்கத்தைத்தான் வியந்து பேசுவார்கள். பராமரிப்புத் துறையில் இருப்பவர்கள் கேட்பது வேறு கேள்வி. இந்த விமானம் முறையாகப் பரிசோதிக்கப்பட்டு வந்ததுதான். போயிங் சொன்ன கெடுவைவிடக் குறைந்த கெடுவிலேயே பெரிய பரிசோதனை நடந்தது. அப்புறம் எப்படிக் கோட்டைவிட்டார்கள்?

அன்று காலையிலிருந்தே பார்க்கலாம். விடிவதற்கு முன், ஐந்து மணி வாக்கில், துணை விமானி ஒருவர் வந்து விமானத்தைச் சுற்றி நடந்து பார்த்தார். இதை வாக்-அரவுண்ட் என்பார்கள். அதன்பின் அந்த விமானம் தீவுக்குத் தீவு தாவி எட்டு முறை பறந்தது. ஒன்பதாவது பயணத்தில் கூரை போயிற்று. இடையில் யாரும் வெளியே இறங்கிச் சுற்றிப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்க வேண்டும் என்று விதியும் அப்போது இல்லை.

சுற்றி நடந்து பார்ப்பதை ஒரு சடங்கு என்று எண்ணிவிடக் கூடாது. டயரில் ரப்பர் தேய்ந்து உள்நூல் தெரிகிறதா, எங்காவது எண்ணெயோ ஹைட்ராலிக் திரவமோ கசிகிறதா, இன்ஜினின் முன்விசிறியில் பறவை அடித்த தடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிரேக்கில் சிறிய ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பிரேக் தேயத் தேய அது உள்ளே போகும். விளிம்போடு சமமாகிவிட்டால் மாற்ற வேண்டும். வேகத்தையும் உயரத்தையும் அளக்கும் குழாய்களும் துளைகளும் அடைபடாமல் இருக்கின்றனவா என்பது இதில் மிக முக்கியம். 1996 அக்டோபரில் லிமா நகரில் ஏரோபெரு நிறுவனத்தின் போயிங் 757 ஒன்றைக் கழுவியபோது, தண்ணீர் புகாமல் இருக்க இந்தத் துளைகள் மேல் பிளாஸ்திரி ஒட்டினார்கள். கழுவி முடித்தும் அதை எடுக்கவில்லை. இரவில் சுற்றி நடந்து பார்த்தவர் கண்ணிலும் அது படவில்லை. உயரமும் வேகமும் தாறுமாறாகக் காட்டிய கருவிகளோடு அந்த விமானம் கடலில் விழுந்தது. இருந்த 70 பேரும் இறந்தார்கள்.

ஆக, வாக்-அரவுண்ட் பிடிப்பது நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் நேர்ந்ததை. பல வருடமாக உள்ளே வளர்வதை அது பிடிக்காது. தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில், பெயின்டுக்கு அடியில், ரிவெட் தலைக்குக் கீழே இருக்கும் மயிரிழை விரிசலைத் தரையில் டார்ச்சோடு நடக்கிறவர் பார்க்க வழியில்லை. அதற்காகத்தான் மேலே அடுக்கடுக்காக மற்ற சோதனைகள் இருக்கின்றன.

பொறியாளர்கள் தினமும் ஒரு பார்வை, வாரம் ஒரு முறை சற்றுக் கூடுதலாக ஒரு பார்வை பார்ப்பார்கள். பிறகு வருவது 'ஏ செக்'. ஏர்பஸ் ஏ320 விமானத்துக்கு இது பொதுவாக 750 மணி நேரப் பறப்பு, அல்லது 750 பயணங்கள், அல்லது நான்கு மாதம், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது. ஓர் இரவு ஹேங்கரில் நிறுத்தி எண்ணெய், வடிகட்டி, மசகு என்று முடித்துவிடுவார்கள். 'பி செக்' என்று ஒன்று இருந்தது. பெரும்பாலான நிறுவனங்களில் அது இப்போது ஏ-யிலேயே கரைந்துவிட்டது. 'சி செக்' ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும். ஒன்றிரண்டு வாரம் விமானம் வேலையில் இருக்காது. அதற்கும் மேலே 'டி செக்', அல்லது இன்றைய பேச்சில் ஆறு வருடச் சோதனை, பன்னிரண்டு வருடச் சோதனை. அதில் இருக்கை, கழிப்பறை, சமையல் மேடை, தரைப் பலகை, பக்கச் சுவர் எல்லாவற்றையும் கழற்றி, பல சமயம் பெயின்டையும் சுரண்டி எடுத்து, வெறும் உலோகக் கூடாக நிறுத்திவிடுவார்கள். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். ஹேங்கர் ஆட்களைக் கேட்டால் திட்டமிட்ட வேலையைவிடத் திறந்தபின் கிளம்பும் வேலைதான் நாளைத் தின்கிறது என்பார்கள்.

மேலே சொன்னதில் 'எது முதலில் வருகிறதோ' என்ற சொற்களைக் கவனித்திருப்பீர்கள். மணி, பயணம், நாள் என்று மூன்று கணக்கை ஏன் வைத்திருக்கிறார்கள்? ஒரு விமானம் ஒரே வேகத்தில் முதிர்வதில்லை. அதன் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனிக் கணக்கில் முதிர்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும் பம்பும் ஜெனரேட்டரும் பறந்த மணிக்கேற்பத் தேயும். சக்கரங்களைத் தாங்கும் கால்களுக்கோ எத்தனை மணி பறந்தோம் என்பது ஒரு பொருட்டே இல்லை. வானத்தில் அவை மடங்கிச் சும்மா கிடக்கின்றன. அடி வாங்குவது தரையைத் தொடும்போதுதான். அதனால் அவற்றை முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கும் கெடு, இத்தனை தரையிறக்கம் அல்லது பத்து வருடம் என்று இருக்கும். இன்ஜினுக்குள் சுழலும் தட்டுகளும் அப்படியே. ஒவ்வொரு முறை இன்ஜின் கிளம்பி முழு வேகம் பிடித்து அடங்குவதும் அவற்றுக்கு ஓர் இழுப்பு. ஒரு தட்டு எத்தனை இழுப்பு தாங்கும் என்று எண்ணி வைத்திருப்பார்கள். அந்த எண்ணிக்கை முடிந்தால், பார்க்க எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் தூக்கி எறிய வேண்டியதுதான்.

மூன்றாவது கணக்கு காலண்டர். துரு மணியையும் பார்க்காது, பயணத்தையும் பார்க்காது. கழிப்பறைக்கும் சமையல் மேடைக்கும் அடியில் உள்ள உத்தரங்களில் சிந்தியது சேர்ந்து அரித்துக்கொண்டே இருக்கும். ஹேங்கரில் தரைப் பலகையைத் தூக்கியதும் முதலில் குனிந்து பார்ப்பது அங்கேதான். ஆக்சிஜன் சிலிண்டர், அவசரச் சறுக்கு, உயிர் காக்கும் அங்கி எல்லாமே உபயோகிக்காமல் இருந்தாலும் வயதாகும் பொருள்கள். கொரோனாக் காலத்தில் விமானங்களை வரிசையாக நிறுத்தி வைத்தார்களே, அப்போது முதல் இரண்டு கணக்கும் நின்றுபோயின; மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. 2020 ஜூலையில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ ஓர் அவசர ஆணை போட்டது. ஒரு வாரமோ அதற்கு மேலோ நிறுத்தி வைத்திருந்த போயிங் 737 விமானங்களில், இன்ஜினிலிருந்து காற்றை எடுக்கும் ஒரு வால்வு துருப்பிடித்துத் திறந்தபடியே சிக்கிக்கொள்கிறது, அதனால் இன்ஜின் அணைந்துபோகிறது, சோதித்துவிட்டுப் பறக்கவும் என்றது அந்த ஆணை. சும்மா இருந்ததால் வந்த கோளாறு அது.

இப்போது ஹவாய்க்குத் திரும்பலாம். விமானத்தின் உடற்கூட்டுக்கு எந்தக் கணக்கு பொருந்தும்? மேலே ஏறும்போது உள்ளே காற்றை அடைத்து அழுத்தம் கூட்டுகிறார்கள், இறங்கும்போது விடுகிறார்கள். முழு உயரத்தில் ஒரு சதுர அடித் தகட்டை உள்ளிருந்து அரை டன்னுக்குப் பக்கமான விசை வெளியே தள்ளுகிறது. தகட்டின் கனமோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒவ்வொரு பயணத்திலும் கூடு ஒரு முறை விம்மி ஒரு முறை அடங்குகிறது. கம்பியை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி உடைக்கிறோமே, உலோகச் சோர்வு என்பது அதுதான். இங்கே மடக்குவது மிகச் சிறிது, எண்ணிக்கை மிக அதிகம். பத்து மணி நேரப் பயணமானாலும் ஒரு விம்மல், இருபது நிமிடப் பயணமானாலும் ஒரு விம்மல். கூட்டுக்குப் பயணக் கணக்குதான் பொருந்தும். துறையில் இதை 'சைக்கிள்' என்பார்கள்.

அலோஹாவின் அந்த விமானம் 1969-இல் பிறந்தது. விபத்து நாளில் அது 35,496 மணி நேரம் பறந்திருந்தது. 19 வருட விமானத்துக்கு இது பெரிய எண் இல்லை. சைக்கிள் எண்ணிக்கை 89,680. போயிங் 737-ஐ வடிவமைத்தபோது மனத்தில் வைத்திருந்த இலக்கு 75,000. அன்றைய தேதியில் உலகில் இருந்த 737 விமானங்களில் சைக்கிள் எண்ணிக்கையில் இது இரண்டாவது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் மணிக்கு இரண்டரைப் பயணம், அதாவது ஒரு பயணத்துக்கு 24 நிமிடம்.

பெரிய சோதனைக்கு, அதாவது டி செக்குக்கு, போயிங் சொன்ன கெடு 20,000 மணி நேரம். அலோஹா தானாகவே அதைக் குறைத்து 15,000 மணி நேரம் என்று வைத்துக்கொண்டது. காகிதத்தில் பார்த்தால் கூடுதல் கவனம். ஆனால் போயிங் அந்த எண்ணைச் சொன்னபோது, ஒரு 737 மணிக்கு ஒன்றரைப் பயணம் போகும் என்று வைத்துக் கணக்கிட்டிருந்தது. அதன்படி 20,000 மணி என்பது 30,000 சைக்கிள். இந்த விமானத்தின் இரண்டரைக் கணக்கில் 15,000 மணி என்பது 37,500 சைக்கிள். கெடுவைக் குறைத்ததாக நினைத்தவர்கள், கூட்டைப் பொறுத்தவரை கெடுவைக் கால் பங்கு நீட்டியிருந்தார்கள். தீவுக்குத் தீவு தாவும் பயணங்கள் பலவற்றில் விமானம் முழு உயரம் ஏறாது, எனவே ஒவ்வொரு விம்மலும் முழு விம்மல் இல்லை என்பதும் உண்மைதான். இருந்தாலும் கணக்குப் புத்தகத்தில் தவறான பத்தியைப் பார்த்தார்கள் என்ற உண்மை மாறாது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. பெரிய சோதனைக்கென்று விமானத்தை வாரக்கணக்கில் நிறுத்தினால் வருமானம் போகும். அதனால் அலோஹா அந்த வேலையை 52 துண்டுகளாக வெட்டி, எட்டு வருடத்துக்குப் பரப்பி, இரவுகளில் சிறு சோதனைகளோடு சேர்த்துச் செய்தது. துண்டு போடுவது தப்பில்லை. இன்றும் பல நிறுவனங்கள் செய்கின்றன. ஆனால் 52 துண்டு என்றால் முழு விமானத்தையும் ஒரே நேரத்தில் திறந்து பார்த்தவர் ஒருவருமே இல்லை. இங்கே கொஞ்சம் துரு, போன வருடம் அங்கே கொஞ்சம் விரிசல் என்று ஒட்டுப் போட்டுக்கொண்டே போகலாம். மொத்தத்தில் கூடே தளர்ந்துவிட்டது என்று சொல்ல ஆள் இல்லை. விசாரணை நடத்திய அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் இதைக் குறையாகச் சொன்னது. எனக்குக் கேட்டால், தவறான கணக்கைவிட இதுதான் பெரிய பிழை.

விரிசல் எங்கே பிறந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூட்டின் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று மூன்று அங்குலம் போல் படிந்து, பசையாலும் மூன்று வரிசை ரிவெட்டுகளாலும் இணைந்திருக்கும். பாரத்தைப் பசை சுமக்கும் என்பது ஆரம்பகால 737-களின் ஏற்பாடு. குளிர்ச்சியில் ஒட்டும் அந்தப் பசை எதிர்பார்த்தபடி பிடிக்கவில்லை. ஈரம் புகுந்தது, துரு வந்தது, பசை விட்டது. பாரம் முழுவதும் ரிவெட்டுக்கு வந்தது. ரிவெட்டின் தலை வெளியே துருத்தாமல் இருக்கத் தகட்டில் குழி கடைந்திருந்தார்கள். மெல்லிய தகட்டில் அந்தக் குழி அடிவரை போய், துளையின் விளிம்பு கத்தி முனைபோல் ஆகியிருந்தது. விரிசல் அங்கிருந்து கிளம்பியது, அதுவும் வரிசையாகப் பல துளைகளில் ஒரே காலத்தில்.

ஒற்றை விரிசலாக இருந்திருந்தால் வடிவமைப்பே காப்பாற்றியிருக்கும். கூட்டில் அங்கங்கே குறுக்குப் பட்டைகள் உண்டு. ஓடும் விரிசல் பட்டையில் மோதித் திரும்பி, தகடு ஒரு மடல்போலத் திறந்து, காற்று பத்திரமாக வெளியேறும் என்பது திட்டம். அருகருகே பத்துப் பதினைந்து சின்ன விரிசல்கள் கைகோத்துக்கொள்ளும்போது அந்தத் திட்டம் வேலை செய்யவில்லை. முந்தைய ஆண்டு, 1987-இல், எஃப்ஏஏ இந்தப் பசை இணைப்புகளைச் சோதிக்கச் சொல்லி ஆணையிட்டிருந்தது. ஆனால் அது கேட்டது ஒரு குறிப்பிட்ட வரிசையை மட்டும். அலோஹாவில் கிழிந்தது அதற்குக் கீழே இருந்த வேறொரு வரிசை. சோதிக்கிறவர் நிலையையும் நினைத்துப் பாருங்கள். நடுராத்திரி, சாரத்தின் மேல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரிவெட்டுகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்க்க வேண்டும். ஐந்நூறாவது ரிவெட்டுக்கு முதல் ரிவெட்டுக்குக் கிடைத்த கவனம் கிடைக்குமா?

இங்கேதான் கெடு எப்படிப் பிறக்கிறது என்ற சூட்சுமம் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டுக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். ஒரு விரிசல் 25 மில்லிமீட்டர் நீளம் ஆனால்தான் கண்ணுக்குத் தெரியும் என்று கொள்வோம். அந்த நிலையிலிருந்து ஆபத்தான நீளத்தை எட்ட 6,000 சைக்கிள் பிடிக்கிறது. அப்படியானால் 6,000-க்கு ஒரு முறை பார்த்தால் போதாது. ஒரு முறை கோட்டைவிட்டால் கதை முடிந்தது. 3,000-க்கு ஒரு முறை பார்த்தால் பிடிக்க இரண்டு வாய்ப்பு கிடைக்கும். இதே விரிசலை எடி கரன்ட் கருவியால் தேடினால் 3 மில்லிமீட்டரிலேயே சிக்கிவிடும். உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி, அது எங்கே தடைபடுகிறது என்று காட்டும் கருவி அது. 3 மில்லிமீட்டரிலிருந்து ஆபத்து வரை 12,000 சைக்கிள் இருக்கிறது என்றால், 6,000-க்கு ஒரு முறை பார்த்தாலே இரண்டு வாய்ப்பு உண்டு. விரிசல் அதேதான், தகடும் அதேதான், கெடு இரட்டிப்பாகிவிட்டது. பார்க்கும் கண்ணின் கூர்மையும் சேர்ந்துதான் கெடுவை முடிவு செய்கிறது. ஒரே விமானத்தில் ஒரே இடத்துக்கு இரண்டு வேறு கெடுக்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் குழம்ப வேண்டியதில்லை. பக்கத்தில் சோதனை முறை வேறாக இருக்கும்.

இவ்வளவு தலைவலிக்கு எல்லாவற்றையும் அடிக்கடி பிரித்துப் பார்த்துவிட்டால் என்ன என்று தோன்றும். 1950-களில் அப்படித்தான் நினைத்தார்கள். டிசி-8 விமானத்துக்கு, கெடு வந்ததும் கழற்றிப் புதுப்பிக்க வேண்டியவை என்று 339 பொருள்களைப் பட்டியல் போட்டிருந்தார்கள். ஆனால் கழற்றிப் புதுப்பித்தும் கோளாறுகள் குறையவில்லை. யுனைடெட் ஏர்லைன்ஸின் ஸ்டான்லி நௌலன், ஹோவர்ட் ஹீப் என்ற இரு பொறியாளர்கள் இந்த ஆய்வுகளைத் தொகுத்து 1978-இல் வெளியிட்டார்கள். விமானப் பொருள்களில் 11 சதவீதம்தான் வயதாக ஆகக் கெட்டுப்போகும் இயல்பு கொண்டவை. மற்றவை எந்த வயதிலும் கெடலாம். பலவும் புதிதாகப் பொருத்திய முதல் நாள்களில்தான் அதிகம் கெடுகின்றன. நன்றாக ஓடுவதைக் கழற்றி மாட்டினால் அந்த முதல் நாள்களை நாமே திரும்ப வரவழைக்கிறோம். பின்னால் வந்த டிசி-10 விமானத்தின் பட்டியலில் 339-க்குப் பதில் ஏழு பொருள்களே இருந்தன. லிமாவில் பிளாஸ்திரி ஒட்டியதும் பராமரிப்பின்போதுதான் என்பதை மறக்க வேண்டாம்.

அலோஹாவுக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் அதே 1988-இல் மூத்த விமானங்கள் பற்றிய ஆராய்ச்சிக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. துருவைத் தடுக்கத் தனித் திட்டங்கள் கட்டாயமாயின. 2010-இல் எஃப்ஏஏ இன்னும் ஒரு படி போனது: ஒவ்வொரு விமான வகைக்கும், இதுவரைக்கும்தான் எங்கள் சோதனைத் திட்டம் செல்லும் என்று தயாரிப்பாளர் ஓர் உச்ச எண்ணைச் சொல்ல வேண்டும், அதைத் தாண்டினால் அந்த விமானம் பறக்கக் கூடாது.

அந்த விதி நடைமுறைக்கு வந்த சில மாதங்களிலேயே, 2011 ஏப்ரல் 1 அன்று, அரிசோனாவின் யூமா நகருக்கு மேலே சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் 737-300 ஒன்றின் கூரையில் ஐந்தடி நீள ஓட்டை விழுந்தது. யாரும் சாகவில்லை. இந்த வகையில் அந்த இணைப்பை 60,000 சைக்கிளுக்குப் பிறகு பார்க்க ஆரம்பித்தால் போதும் என்று போயிங் எண்ணியிருந்தது. கிழிந்த விமானத்துக்கு 40,000 கூட ஆகவில்லை. விசாரணையில், தொழிற்சாலையிலேயே அந்தக் கூரைத் தகட்டை ஒழுங்காகப் பொருத்தவில்லை என்று தெரிந்தது. துளைகள் சரியாக அமையாமல் ரிவெட்டுகள் துளையை நிரப்பாமல் இருந்தன. சரியாகச் செய்த தகட்டுக்குப் போட்ட கணக்கு, தவறாகச் செய்த தகட்டுக்கு எப்படிப் பொருந்தும்? சில நாள்களில் எஃப்ஏஏ புதிய ஆணை போட்டது. 30,000 சைக்கிளிலேயே எடி கரன்ட் கருவியோடு தொடங்கி, அதன்பின் ஒவ்வொரு 500 சைக்கிளுக்கும் ஒரு முறை பார்க்க வேண்டும் என்றது. ஒரு நாளைக்கு ஆறேழு முறை பறக்கும் விமானத்துக்கு அது இரண்டரை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை.